ஆள் உட்கார்ந்திருக்கும்போதே மங்கும் லைட்: டாலி போட்ட ஹாலைத் திரும்ப அமைப்பது

கேள்வி: அண்ணா, பெங்களூரு வைட்ஃபீல்டில் எங்கள் ஆபீஸ் ஒரே பெரிய ஹால். 28 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், நீளப் பக்கம் ஒன்றில் முழுக்கக் கண்ணாடி. வரிசைக்கு 12 என்று 8 வரிசையில் 96 சீலிங் லைட், எல்லாம் டாலி. மொத்தம் 8 சென்சார். ஆள் உட்கார்ந்து வேலை செய்யும்போதே தலைக்கு மேல் லைட் அணைகிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தால் எல்லா லைட்டும் முழு வெளிச்சத்தில் எரிகிறது, போட்டு வைத்த சீன் போய்விடுகிறது. செட் செய்து கொடுத்தவர் இப்போது போன் எடுப்பதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைக்கும் காரணம் வேறுவேறு. ஜெனரேட்டர் விஷயம் ஒவ்வொரு லைட்டுக்கும் மின்சாரம் கொடுத்து அதை மங்கவைக்கும் டிரைவர் என்ற பெட்டிக்குள் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பொறுத்தது. பணம் செலவில்லாமல் ஒரு சனிக்கிழமையில் சரியாகிவிடும். ஆள் இருக்கும்போதே அணைவது சென்சார் எண்ணிக்கையும் அவை இருக்கும் இடமும் சம்பந்தப்பட்டது. அதற்குக் கொஞ்சம் செலவு உண்டு. எளிதானதை முதலில் முடித்துவிடலாம்.

டாலி என்பது இரண்டு வயர் வழியாக லைட்டுகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை. சீன் என்றால் எந்த லைட் எந்த அளவில் எரிய வேண்டும் என்று முன்பே போட்டு வைத்த அமைப்பு. இந்த சீன், குரூப், மங்கும் வேகம் எல்லாம் கன்ட்ரோலர் பெட்டிக்குள் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை ஒவ்வொரு டிரைவரின் சொந்த நினைவகத்தில் இருக்கின்றன. கன்ட்ரோலர் "சீன் 2" என்று லைனில் ஒரு குரல் கொடுத்தால் போதும். ஒவ்வொரு டிரைவரும் தன்னிடம் சீன் 2-க்கு என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்த்து அந்த அளவுக்குப் போகும். அதே நினைவகத்தில்தான் `POWER ON LEVEL`, `SYSTEM FAILURE LEVEL` என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. முதலாவது, டிரைவருக்கு மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும், கன்ட்ரோலரிடமிருந்து கட்டளை எதுவும் வராவிட்டால் எந்த அளவில் எரிய வேண்டும் என்பது. இரண்டாவது, டிரைவருக்கு மின்சாரம் இருந்தும் டாலி லைனில் வோல்டேஜ் இல்லாமல் போனால் எந்த அளவுக்குப் போக வேண்டும் என்பது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது இரண்டும் 254, அதாவது முழு வெளிச்சம். உங்கள் ஹாலில் அதை யாரும் தொடவில்லை.

இனி உங்கள் மாலை நேரத்தைப் பாருங்கள். கரண்ட் போகிறது, சில விநாடிகளில் ஜெனரேட்டர் ஏறுகிறது. டிரைவர் ஒரு விநாடிக்குள் விழித்துக்கொள்ளும். கன்ட்ரோலர் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், முழுதாக எழ அதற்கு நேரம் ஆகும். அதுவரை யாரும் எதுவும் சொல்லாததால் டிரைவர்கள் 254-க்குப் போய் நிற்கின்றன. கன்ட்ரோலர் எழுந்த பிறகும், முன்பு எந்த சீனில் இருந்தோம் என்பதை அது நினைவில் வைக்காவிட்டால், அடுத்து யாராவது பட்டன் அழுத்தும் வரை அப்படியே எரியும்.

என் பரிந்துரை இது:

```
POWER ON LEVEL         255
SYSTEM FAILURE LEVEL   229
```

இங்கே 255 என்பது வெளிச்ச அளவு அல்ல. "மின்சாரம் போவதற்கு முன் இருந்த நிலைக்கே திரும்பு" என்று பொருள். அணைந்திருந்தால் அணைந்தே இருக்கும், கால்வாசியில் இருந்தால் கால்வாசிக்கே வரும். இரண்டாவதற்கும் 255 போடலாம், அப்போது லைன் அறுந்தால் இருக்கும் நிலையிலேயே லைட் நிற்கும். ஆனால் நான் போட மாட்டேன். இரவில் விளக்குகள் அணைந்திருக்கும்போது லைன் பழுதானால், காலையில் வருபவர் சுவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஹால் இருட்டாகவே இருக்கும். 229 என்றால் பாதி வெளிச்சமாவது வரும், பழுது நடந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். நடைபாதை விளக்குகளுக்கு இதை 254 ஆகவே விட்டுவிடுங்கள்.

229 எப்படிப் பாதி ஆகும் என்று கேட்பீர்கள். டாலியின் எண்கள் 1 முதல் 254 வரை நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. நம் கண் வெளிச்சத்தை உணரும் விதத்துக்கு ஏற்ப, இந்தச் சூத்திரப்படி மடக்கை வளைவில் ஏறுகின்றன:

```
சதவீதம் = 10^((n-1)/(253/3) - 1)
```

இதில் n-க்கு 127 போட்டால் வருவது சுமார் 3 சதவீதம்தான். பாதி வேண்டும் என்று 127 எழுதிவிட்டு, டிரைவரே கெட்டுவிட்டது என்று கழற்றியவர்களும் உண்டு. உங்களுக்குத் தேவைப்படும் எண்கள் கொஞ்சம்தான்: 246 என்றால் 80 சதவீதம், 235 என்றால் 60, 229 என்றால் 50, 220 என்றால் 40, 203 என்றால் 25, 170 என்றால் 10. சில மென்பொருள்கள் சதவீதத்தைக் கேட்டு வாங்கி அவையே மாற்றிக்கொள்ளும். எது கேட்கிறது என்பதை எழுதும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலரிலும் ஒரு வேலை இருக்கிறது. அது எழுந்ததும் எல்லாப் பகுதியிலும் ஆள் இருப்பதாக வைத்துக்கொண்டு டைமரை ஓட்டத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை இரவு கரண்ட் போய் வந்த பிறகு, ஆளே இல்லாத ஹாலில் லைட் திங்கட்கிழமை வரை எரிந்துகொண்டிருக்கும்.

அடுத்து, ஆள் இருக்கும்போதே அணைவது.

உங்களிடம் இருப்பது கூரையில் மாட்டிய பி.ஐ.ஆர் சென்சார் என்று எடுத்துக்கொள்கிறேன். அது பார்ப்பது வெப்பமுள்ள ஒன்று இடம் மாறுவதை. அதன் விவரத்தாளில் இரண்டு வட்டங்கள் போட்டிருப்பார்கள். பெரியது நடந்து போகிறவருக்கு, சின்னது உட்கார்ந்து கையை மட்டும் அசைப்பவருக்கு. 2.8 மீட்டர் உயரக் கூரையில் பெரிய வட்டம் 8 மீட்டர் விட்டம் இருந்தாலும், சின்ன வட்டம் பல சென்சார்களில் 4 முதல் 5 மீட்டர்தான். உங்கள் ஹாலில் 8 சென்சார் என்றால் ஒன்றின் பொறுப்பில் 12 லைட், கிட்டத்தட்ட 7 மீட்டருக்கு 9 மீட்டர் இடம். பெரிய வட்டத்தை நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நடுவில் இருப்பவருக்குப் பிரச்சினை இருக்காது. மூலையில் மானிட்டருக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்து புரோகிராம் எழுதும் தம்பிக்குத்தான் லைட் போகும்.

இதை உறுதி செய்துகொள்ள ஒரு வழி. சென்சாரை டெஸ்ட் நிலையில் போட்டால், அசைவைப் பிடிக்கும்போதெல்லாம் அதன் சின்ன விளக்கு மின்னும். லைட் அணைகிறது என்று புகார் சொன்னவரின் நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸை மட்டும் நகர்த்திப் பாருங்கள். மின்னவில்லை என்றால் அந்த இருக்கை வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. டைமரை 10 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாக நீட்டினால் புகார் குறையும், ஆனால் லைட் நாள் முழுக்க எரியும். அப்புறம் சென்சார் எதற்கு?

நான் செய்வது இப்படி. கண்ணாடிப் பக்கத்திலிருந்து எண்ணினால் வரிசை 1 முதல் 6 வரை மேசைகள், 7-ம் 8-ம் நடைபாதை என்று வைத்துக்கொள்வோம். மேசைப் பகுதியை 3 லைட்டுக்கு 2 லைட் என்று 6 லைட் கொண்ட கட்டங்களாகப் பிரித்தால், ஒரு கட்டம் 7 மீட்டருக்கு 4.5 மீட்டர். ஹால் முழுக்க 12 கட்டம் வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு சென்சார், மேசைகளுக்கு நடுவே, நாற்காலிகளுக்கு நேர் மேலே. இரண்டில் எது பார்த்தாலும் அந்தக் கட்டத்தில் ஆள் இருப்பதாக அர்த்தம். நடைபாதைக்கு 4. ஆக 28 சென்சார், உங்களிடம் இருப்பதற்கு மேல் 20 வாங்க வேண்டும். சுவரில் தொடுதிரைப் பலகை வைக்கலாமா என்று யாராவது கேட்டால், அந்தப் பணத்தை இங்கே போடுங்கள் என்று சொல்லுங்கள்.

ஏ.சி காற்று வரும் டிஃப்யூசரிலிருந்து சென்சார் குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். குளிர்ந்த காற்று நேராகப் பட்டால் அது ஆள் வந்ததாக எண்ணிக்கொள்ளும். ஆளில்லாத அதிகாலையில் ஏ.சி ஓடத் தொடங்கியதும் சில கட்டங்கள் மட்டும் எரிந்தால் காரணம் அதுதான். கேபின்களுக்கு மைக்ரோவேவ் சென்சார் போடலாம் என்று யாராவது சொன்னாலும் யோசியுங்கள். பி.ஐ.ஆர் கண்ணாடியைத் தாண்டிப் பார்க்காது, மைக்ரோவேவ் தாண்டும். வெளியே நடப்பவருக்கெல்லாம் உள்ளே லைட் எரியும்.

சென்சார் கூடும்போது ஒரு கணக்கை மறக்கக் கூடாது. ஒரு டாலி லைனில் 64 டிரைவர் வரைதான். உங்கள் 96 லைட் இரண்டு லைனில் 48, 48 என்று இருக்கும். டாலியின் புதிய பதிப்பான டாலி-2 சென்சார்கள் அந்த 64-இல் இடம் பிடிப்பதில்லை, அவற்றுக்குத் தனி முகவரி வரிசை உண்டு. ஆனால் அதே இரண்டு வயரிலிருந்துதான் கரண்ட் எடுக்கும், ஒரு லைனில் மொத்தம் 250 மில்லி ஆம்பியருக்கு மேல் கொடுக்கக் கூடாது. டிரைவர் ஒவ்வொன்றுக்கும் 2 வைத்தால் 48-க்கு 96. சென்சார் ஒன்றுக்கு 8 என்றால் 14-க்கு 112. சுவர்ப் பட்டன் பலகை இரண்டுக்கு 12. ஆகமொத்தம் 220. உங்கள் சென்சார் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்பதை அதன் விவரத்தாளில் பாருங்கள். சில வகை இதைவிட அதிகம் எடுக்கும். பவர் சப்ளையில் உத்தரவாதமாகத் தருவது 200 தான் என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கு உதைக்கும். அப்போது லைட் ஒரேயடியாக நிற்காது. சில நேரம் சில லைட் மட்டும் சீனைக் கேட்காமல் பழைய நிலையிலேயே இருக்கும். இன்று ஒன்று, நாளை வேறொன்று. அப்படிக் கண்டால் லைனின் கடைசி முனையில் மல்டிமீட்டரை டி.சி-யில் வைத்து அளந்து பாருங்கள். பேச்சு நடக்காத நேரத்தில் 16 வோல்ட் அளவில் இருப்பது நல்லது, 9.5-க்குக் கீழே போனால் டிரைவருக்குக் கேட்கும் என்ற உத்தரவாதம் இல்லை. குறைந்த வோல்டேஜ்தானே என்று இந்த வயரை வெறும் கையால் தொட வேண்டாம். டாலி லைனுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் இருப்பது அடிப்படை இன்சுலேஷன் மட்டுமே. உங்கள் வயர்மேனிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

சென்சார் சரியாக இருந்தாலும், ஆள் இல்லாத கட்டத்தை அப்படியே அணைத்துவிட்டால் ஹாலில் மீண்டும் புகார் வரும். ஏழு மணிக்குமேல் நான்கு பேர் நான்கு மூலையில் இருப்பார்கள். தன் மேசையில் மட்டும் வெளிச்சம், சுற்றிலும் கறுப்பு என்றால் கண் வலிக்கும். தனியாக இருக்கும் பெண்களுக்கு அது பயமும்கூட. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நிலை வையுங்கள். ஆள் இருந்தால் 246. ஆள் போய் 15 நிமிடம் ஆனால், ஹாலில் வேறு எங்காவது ஒருவர் இருக்கும் வரை 203, அதாவது கால்வாசி. ஹாலில் எங்குமே ஆள் இல்லாமல் மேலும் 10 நிமிடம் ஆனால்தான் முழுக்க அணைய வேண்டும். நடைபாதை, ஏதாவது ஒரு கட்டத்தில் ஆள் இருக்கும் வரை 220-க்குக் கீழே போகக் கூடாது. வேலையை முடித்து எழுந்து போகிறவர் இருட்டுக்குள் நடக்க வேண்டியதில்லை. இரண்டு லைனும் தனித்தனிக் கன்ட்ரோலரில் இருந்தால், "ஹாலில் ஆள் இருக்கிறார்" என்ற செய்தி ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகவில்லை என்றால் ஹாலின் பாதி, மறுபாதியில் ஆள் இருப்பதே தெரியாமல் அணைந்துவிடும்.

இறங்கும்போது மெதுவாக, ஏறும்போது சட்டென்று. 32 விநாடி எடுத்து 203-க்கு இறங்கினால் பக்கத்துக் கட்டத்தில் இருப்பவர் தலையைக்கூடத் தூக்க மாட்டார். ஆள் வந்தால் ஒரு விநாடிக்குள் ஏற வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. டிரைவர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு `FADE TIME` எண்ணைத்தான் வைத்திருக்கும். 32 விநாடிக்கு எண் 12, ஒரு விநாடிக்கு எண் 2. கட்டளை அனுப்பும் முன் கன்ட்ரோலர் அந்த எண்ணை மாற்றி எழுத வேண்டும். மாற்றாத கன்ட்ரோலரில், காலையில் முதலில் வருகிறவருக்கு லைட் அரை நிமிடம் ஊர்ந்து ஏறும். அவர் சுவர் பட்டனைப் போட்டு அமுக்கிக்கொண்டிருப்பார்.

குரூப் பிரிப்பது சுலபம். ஒரு லைனில் 16 குரூப் கிடைக்கும். உங்களுக்கு ஒரு லைனில் உள்கட்டம் 4-க்கு 4 குரூப், நடைபாதைக்கு 1, கண்ணாடியோரக் கட்டம் 2-ஐ வரிசைவாரியாகப் பிரித்து 4, ஆக 9. கண்ணாடியோரம் ஏன் பிரிக்க வேண்டும் என்றால், பகல் வெளிச்சம் முதல் வரிசைக்குக் கிடைக்கும் அளவு இரண்டாவது வரிசைக்குக் கிடைக்காது. இரண்டையும் ஒரே அளவில் மங்கவிட்டால் இரண்டாம் வரிசைக்காரர் இருட்டில் இருப்பார். பகல் வெளிச்சத்தைப் பார்த்து லைட்டை மங்கவைக்கும் சென்சாரின் இலக்கை, வெயில் எதுவும் கலக்காமல், இரவில் மேசை மேல் லக்ஸ் மீட்டர் வைத்து அமையுங்கள். சாதாரண அலுவலக வேலைக்கு 300 முதல் 500 லக்ஸ் வரை சொல்வார்கள், நான் 400-இல் நிறுத்துவேன். மழைக்காலத்தில் இங்கே மேகம் நிமிடத்துக்கொரு முறை மாறும். அது ஒவ்வொரு முறை மாறும்போதும் லைட்டும் மாறினால் எரிச்சலாக இருக்கும், ஆகவே மாற்றம் ஒன்றிரண்டு நிமிடம் எடுத்து நடக்கட்டும்.

சீன் விஷயத்தில் நான் கஞ்சன். டாலியில் 16 வரை போடலாம், உங்களுக்கு மூன்று போதும்: வழக்கமான வேலை, ஹவுஸ்கீப்பிங், எல்லோரும் கூடும் கூட்டம். காலை ஆறு மணிக்கு வரும் அக்காக்களுக்கு ஹால் முழுக்க 235 போதும், ஒரு மணி நேரத்தில் தானாக சென்சாருக்குத் திரும்ப வேண்டும். கூட்டத்துக்குத் திரைப் பக்கம் 170, மற்ற இடம் 229, இரண்டு மணி நேரம். கையால் போடும் சீன் ஒவ்வொன்றுக்கும் முடிவு நேரம் ஒன்று கட்டாயம் வேண்டும். முடிவு நேரம் இல்லாத சீனை ஒருவர் போட்டுவிட்டுப் போனால், அதற்குப் பிறகு சென்சார் எதையும் செய்யாது. மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

சீனை அழைக்கும்போது விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அலைபோல மாறினால், கன்ட்ரோலர் ஒவ்வொரு லைட்டுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்புகிறது என்று அர்த்தம். டாலியின் வேகம் விநாடிக்கு 1200 பிட்தான், 48 லைட்டுக்குத் தனித்தனியாகச் சொல்ல ஒரு விநாடிக்கு மேல் ஆகும். சீன் எண்களை டிரைவர்களுக்குள்ளேயே எழுதிவிட்டு, எல்லோருக்குமாக ஒரே கட்டளை கொடுத்தால் ஹால் ஒரே நொடியில் மாறும். மாறக் கூடாத லைட்டுக்கு அந்த சீனில் 255 எழுதுங்கள். அது அந்த அழைப்பைக் கண்டுகொள்ளாது.

ஆரம்பிக்கும் இடம் என்று கேட்டீர்கள். முதல் வேலை, இப்போது டிரைவர்களில் இருப்பதை எல்லாம் படித்து ஒரு கோப்பாகச் சேமிப்பது. யு.எஸ்.பி டாலி இன்டர்ஃபேஸ் ஒன்றும் அதன் மென்பொருளும் இருந்தால், செட் செய்தவர் இல்லாமலேயே முகவரி, குரூப், சீன், அந்த இரண்டு எண்கள் எல்லாவற்றையும் படிக்கலாம். அந்த நேரம் கன்ட்ரோலர் லைனில் பேசாமல் இருக்கட்டும். சென்சார் விதிகளும் நேரங்களும் மட்டும் கன்ட்ரோலரில் இருக்கும், அதன் கடவுச்சொல் கிடைக்காவிட்டால் அதைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். அடுத்து ஒவ்வொரு முகவரியையும் மின்ன வைத்து, எந்த லைட் என்று தரை வரைபடத்தில் குறியுங்கள். முகவரிகள் தாறுமாறாகத்தான் இருக்கும், டாலி அவற்றைக் கொடுக்கும் விதம் அப்படி. 7-க்குப் பக்கத்தில் 41 இருந்தால் பதற வேண்டாம், மாற்றவும் வேண்டாம். வரைபடம் இருந்தால் போதும்.

அந்த வரைபடத்தின் ஒரு பிரதியை எலக்ட்ரிகல் அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். டிரைவர் ஒன்று போய் வயர்மேன் புதியதை மாட்டினால், அதற்கு முகவரி இருக்காது, குரூப் இருக்காது, எல்லா சீனிலும் 255, கரண்ட் வந்தால் 254. ஹால் முழுக்க மங்கியிருக்க ஒரே ஒரு லைட் மட்டும் முழுசாக எரிந்தால், முதலில் கேட்க வேண்டியது அங்கே சமீபத்தில் டிரைவர் மாற்றினார்களா என்பதுதான். இரண்டு மூன்று டிரைவர் போயிருந்தாலும் ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மாட்டி, புதிய சாதனத்துக்கு மட்டும் முகவரி கொடுக்கும் கட்டளையால் பழைய எண்ணையே கொடுத்து, சேமித்த கோப்பிலிருந்து அதன் மதிப்புகளை எழுதி, லைட் மின்னுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகட்டும். ஒரே நேரத்தில் மூன்றை மாட்டினால் எந்த எண் எதற்குப் போனது என்று கண்டுபிடிக்க மறுபடி ஏணியைத் தூக்க வேண்டும்.